எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே போன பெட்ரோல்: உருளவிட்டு அளந்த கணக்கு

பதினொரு லிட்டர் டேங்க். அன்றாட ஓட்டத்தில் லிட்டருக்கு 45 கி.மீ. தரும் 200 சிசி பைக். வழியில் எங்கும் பெட்ரோல் போடாமல் 400 கி.மீ. போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். 240ஆவது கிலோமீட்டரிலேயே எரிபொருள் காட்டியின் கடைசிக் கட்டம் மினுக்கத் தொடங்கியது. முதலில் டேங்கின் அடியைத் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை. மீதி வழியெல்லாம் காட்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் விட்டேன். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், செயின் தளர்ச்சி, டயர் காற்றழுத்தம், பிரேக் பட்டைகள் சக்கரத்தைப் பிடிக்கின்றனவா என்பது வரை பார்த்தார். பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, “வண்டியில் குறை இல்லை. நீங்கள் என்ன வேகத்தில் போனீர்கள்?” என்று கேட்டார். நூறு என்றேன். சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஊருக்குள் பழையபடி 45.

வேகமாகப் போனால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்பது யாருக்கும் தெரியும். எனக்குப் புரியாதது அதன் அளவு. எண்பதிலிருந்து நூறு என்பது கால் பங்கு வேக உயர்வுதான். அதற்கு மைலேஜ் இத்தனை சரிய வேண்டுமா? என் வண்டி எவ்வளவு காற்றை இடித்துத் தள்ளுகிறது என்பதை அளந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தேவைப்பட்டவை ஒரு கைப்பேசி, ஒரு எடைத் தராசு, வாகனங்கள் வராத ஒரு சமதளச் சாலை. முதல் இரண்டும் வீட்டில் இருந்தன. மூன்றாவதுதான் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது.

முறை எளியது. வண்டியை 95 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய், நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கைத் தொடாமல் உருளவிட வேண்டும். அதன் வேகத்தைக் குறைப்பவை இரண்டே: டயரும் பேரிங்கும் செயினும் சேர்ந்து தரும் உருளல் தடை, அப்புறம் காற்று. உருளல் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆகவே அதிக வேகத்தில் ஒருமுறையும் குறைந்த வேகத்தில் ஒருமுறையும் வேகம் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். கிளட்சைப் பிடித்தபடி உருளவிடுவது போதாது. எண்ணெயில் நனைந்த கிளட்ச் தகடுகள் பிரிந்திருக்கும்போதும் சிறிது இழுக்கும், குறைந்த வேகத்தில் அந்த இழுப்பு கணக்கைக் கெடுக்கும். பின்னால் வாகனம் வருகிற சாலையில் இதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஸ்பீடோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. அவை பொதுவாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. சீரான வேகத்தில் ஓட்டி ஜி.பி.எஸ். அளவோடு ஒப்பிட்டபோது, என்னுடையது 85 என்று காட்டுகையில் உண்மை வேகம் 80. இப்படி ஒரு சிறு பட்டியல் எழுதி டேங்கின் மேல் ஒட்டிக்கொண்டேன். நேரடியாக ஜி.பி.எஸ்.ஸை வைத்தே நொடிகளை எண்ணலாமே என்று தோன்றும். ஆனால் வேகம் மாறிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியின் அளவு பின்தங்கியே வருகிறது. அதனால் ஸ்பீடோமீட்டரைக் காணொளியாகப் பதிவு செய்து, வீட்டில் வந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி நேரத்தைக் குறித்தேன். இனி இங்கே சொல்லும் வேகங்கள் எல்லாம் திருத்திய உண்மை வேகங்கள்.

முதல் இடத்தில் ஏமாந்தேன். கண்ணுக்கு மேசை போலத் தெரிந்த சாலை அது. 40லிருந்து 30 கி.மீ.க்கு இறங்க ஒரு திசையில் 14 நொடி ஆனது, மறு திசையில் 7 நொடி. காற்று அடித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாலையோரப் புல் அசையவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கணக்குப் போட்டால், அந்த வித்தியாசத்துக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் இருந்தாலே போதும். நானும் வண்டியும் சேர்ந்து 240 கிலோ. ஒரு சதவீதச் சரிவு அதன்மேல் ஏறத்தாழ 24 நியூட்டன் விசையைக் கூட்டும் அல்லது குறைக்கும். 35 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடையே 75 நியூட்டன்தான் என்கிறபோது மூன்றில் ஒரு பங்கைச் சரிவே விழுங்கிவிடுகிறது. சரிவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, குறைந்த வேகத்தில் இரு திசை நேரங்களும் நெருங்கி வருகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

இரண்டாவது இடத்தில் விடியற்காலையில் போனேன். அந்த நேரத்தில் காற்று அடங்கியிருக்கும். டயர் சூடாவதற்காக இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, திசைக்கு ஐந்து முறை அளந்தேன். 90லிருந்து 80க்கு இறங்க ஒரு பக்கம் 3.2 நொடி, மறுபக்கம் 2.8. சராசரி 3 நொடி. 40லிருந்து 30க்கு இறங்க 9.9, 8.7. சராசரி 9.3 நொடி.

இந்த இரண்டு எண்களையும் பார்த்தபோதே பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டிலும் இழந்தது அதே பத்து கி.மீ. வேகம். மேலே அது மூன்று நொடியில் கரைந்துபோகிறது, கீழே ஒன்பது நொடிக்கு மேல் தாங்குகிறது. 90ஐ ஒட்டி ஓட்டும்போது எஞ்சின் நொடிதோறும் எதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த மூன்று நொடியில் தெரிகிறது. நியூட்ரலுக்கு மாற்றியதும், யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்தது போல உடல் முன்னே சாய்ந்தது. எஞ்சின் ஓடும்போது அந்தக் கை நமக்குத் தெரிவதே இல்லை.

இனி கணக்கு. மொத்தத் தடை இப்படி:

```
F = R + k × v²
```

R என்பது உருளல் தடை, k என்பது காற்றுத் தடையின் அளவு, v நொடிக்கு மீட்டரில் வேகம். பத்து கி.மீ. என்பது நொடிக்கு 2.78 மீட்டர். எடையை 240 என்று வைக்காமல் 250 கிலோ என்று வைத்தேன். சக்கரங்கள் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்வதால், அவற்றை நிறுத்தக் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டும். அதற்காகச் சேர்த்த பத்து கிலோ அது. 250ஐ 2.78ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால், 85 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை ஏறத்தாழ 232 நியூட்டன். 9.3ஆல் வகுத்தால், 35 கி.மீ. வேகத்தில் 75 நியூட்டன். இரண்டையும் கழித்தால் R அடிபட்டுப்போய் k மட்டும் மிஞ்சும். எனக்குக் கிடைத்தது k 0.34, R 43 நியூட்டன்.

0.34 என்ற எண்ணைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. ஏறத்தாழ 70 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரப் பலகையைக் காற்றுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் ஹெல்மெட்டும் கைப்பிடியும் முழங்கால்களும் சேர்ந்து காற்றுக்கு அந்தப் பலகைதான். கார் பைக்கைவிட அகலம் என்றாலும் வழுவழுப்பான உடல் கொண்டது, காற்று அதன்மேல் ஒட்டியபடி வழிந்து பின்னே போய்ச் சேரும். பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் முதுகுக்குப் பின்னால் காற்று ஒட்டாமல் பிய்ந்துகொண்டு சுழல்கிறது. முன்பக்கம் அழுத்தம் கூட, பின்பக்கம் அழுத்தம் குறைய, இரண்டும் சேர்ந்து ஆளைப் பின்னுக்கு இழுக்கின்றன. தோலில் காற்று உரசுவதால் வரும் தடை இதில் சொற்பம்.

வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இந்தப் பலகையை வைத்தே சொல்லிவிடலாம். வேகம் இரட்டிப்பானால் ஒரு நொடியில் பலகையின் வழியில் குறுக்கிடும் காற்று இரட்டிப்பாகும். அதோடு ஒவ்வொரு கிலோ காற்றையும் முன்னைவிட இரட்டை வேகத்தில் ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கும். இரண்டு இரட்டிப்புகளும் பெருகி விசை நான்கு மடங்காகிறது. காற்றுக்கு எடையே இல்லாதது போல நாம் பேசுகிறோம். நூறு கி.மீ. வேகத்தில் அந்தப் பலகையின் பாதையில் நொடிக்கு 15 கிலோவுக்கு மேல் காற்று வந்து நிற்கிறது.

என் வண்டிக்குக் காற்றும் உருளலும் சமமாகும் வேகம் வெறும் 40 கி.மீ. அதற்குக் கீழே டயர்தான் முதன்மைச் செலவு. 80இல் காற்று உருளலைப் போல நான்கு மடங்கு. மொத்தத் தடை 60இல் 137 நியூட்டன், 80இல் 210, நூறில் 304.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேகம் கூடினால் தேவைப்படும் திறன் முப்படியாக ஏறும் என்று பலரும் சொல்வதுண்டு. அது சரிதான், ஆனால் அது நொடிக்கணக்கு. 60இல் என் வண்டிக்கு 2.3 கிலோவாட் போதும், நூறில் 8.4 கிலோவாட் வேண்டும். 3.7 மடங்கு. ஆனால் நூறில் போகிறவன் ஒரு கிலோமீட்டரைச் சீக்கிரமே முடித்துவிடுகிறான். பெட்ரோலை நாம் கிலோமீட்டருக்குத்தான் கணக்குப் பார்க்கிறோம், நொடிக்கு அல்ல. ஒரு கிலோமீட்டருக்குச் செய்யும் வேலை விசையைப் பொறுத்ததே. அது 137லிருந்து 304க்கு, அதாவது 2.2 மடங்கு உயர்கிறது.

அப்படியானால் பெட்ரோலும் 2.2 மடங்கு செலவாக வேண்டும். ஆகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.

போய் 40 கி.மீ., திரும்பி 40 கி.மீ., மொத்தம் 80. ஒரே சாலை, ஒரே ஆள், ஒரே உடை. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு ஓட்டம். பம்பில் நிரப்பும் முறையை நம்பவில்லை, நுரை பொங்கும் விதமே ஒவ்வொரு முறையும் வேறுபடும். வண்டியைச் சமதளத்தில் நடுத் தாங்கியில் நிறுத்தி, டேங்கின் கழுத்துக்குள் தெரியும் உலோக விளிம்பின் அடிப்பகுதி வரை நிரப்பினேன். ஓட்டம் முடிந்ததும் அதே இடத்தில், அதே தாங்கியில், பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கேனிலிருந்து அதே விளிம்புவரை ஊற்றி, ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் கேனை எடை போட்டேன். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ. எடை பார்த்தால் வெயிலில் பெட்ரோல் விரிவது கணக்கில் நுழையாது. ஆனால் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோலும் விரியும் என்பதை முதலில் மறந்துவிட்டேன். நிரப்பிவிட்டு வெயிலில் அரை மணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்த அன்று விளிம்பு மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியிருந்தது. அன்றைய ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு நிரப்பிய உடனே கிளம்பினேன். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு ஊற்றுவதும் முக்கியம், கணக்குக்காக அல்ல, தீக்காக.

இன்னொரு ஓட்டத்தையும் தள்ள வேண்டியிருந்தது. 80இல் போனபோது முன்னால் போன ஒரு பெரிய லாரி என் வேகத்திலேயே வெகுநேரம் வந்தது. நல்ல இடைவெளி விட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஹெல்மெட்டில் காற்றின் இரைச்சல் அடங்கியிருந்தது. அன்று மைலேஜ் காரணமில்லாமல் உயர்ந்து நின்றது. காரணம் லாரிதான், அது கிழித்துவிட்ட காற்றில் நான் வந்திருக்கிறேன். பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டுமென்றே லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரி பிரேக் போட்டால் அவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

தேறிய ஓட்டங்களில் கிடைத்தது இது. 60இல் 1.70 லிட்டர், அதாவது லிட்டருக்கு 47 கி.மீ. 80இல் 2.19 லிட்டர், 36.5 கி.மீ. நூறில் 3.08 லிட்டர், 26 கி.மீ. நிரப்பும் மட்டத்தில் 30 மில்லி வரை தவறியிருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் தேடியது கிடைத்தது. 60லிருந்து 80க்கு விசை 53 சதவீதம் கூடியிருக்கிறது, பெட்ரோல் 29 சதவீதம்தான் கூடியிருக்கிறது. 80லிருந்து நூறுக்கு விசை 45 சதவீதம், பெட்ரோல் 41 சதவீதம். முதல் படியில் யாரோ பாதிச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இரண்டாம் படியில் கைவிட்டுவிட்டார்கள்.

அந்த யாரோ எஞ்சின்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் எவ்வளவு சக்கரத்துக்கு வந்தது என்று திருப்பிக் கணக்கிட்டால், 60இல் 20 சதவீதம், 80இல் 24, நூறில் 25. மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டர் சிறிதளவே திறந்திருக்கும். பாதி அடைத்த மூக்கால் மூச்சு இழுப்பது போல, அந்தச் சிறு இடுக்கு வழியே காற்றை உறிஞ்சுவதற்கே எஞ்சின் உழைக்க வேண்டும். பிஸ்டன் உராய்வும் எண்ணெய்ப் பம்பும் எவ்வளவு குறைந்த சுமையிலும் தம் பங்கைக் கேட்கும். சக்கரத்துக்குப் போவது சொற்பம் என்பதால் இந்த வீண்செலவு பெரிய பங்காகத் தெரிகிறது. சுமை கூடக்கூட ஆக்ஸிலரேட்டர் திறக்கிறது, வீண்செலவின் பங்கு குறைகிறது. 60லிருந்து 80க்குப் போகும்போது காற்று கேட்கும் கூடுதலில் ஒரு பகுதியை இந்தத் தேர்ச்சி மறைத்துவிடுகிறது. அதனால்தான் மிதமான வேகங்களில் மைலேஜ் மெதுவாகக் குறைவதுபோல் தோன்றுகிறது. 80ஐத் தாண்டியதும் எஞ்சின் தன் நல்ல நிலையை எட்டிவிட்டது, இனி முன்னேற இடம் இல்லை. கூடவே சுழற்சி ஏறுவதால் உராய்வும் ஏறுகிறது. அங்கிருந்து வர்க்கம் கிட்டத்தட்ட அப்படியே பெட்ரோலில் வந்து விழுகிறது. நூறுக்கு மேலே நான் அளக்கவில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டர் முழுதாகத் திறக்கும் நிலையை நெருங்கும்போது எஞ்சினுக்குத் தேவைக்கு மிஞ்சியே பெட்ரோல் தெளிக்கப்படும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். பெரிய எஞ்சின் வண்டிகளில் இந்தத் திருப்பம் இன்னும் அதிக வேகத்தில் வரும், 100 சிசி வண்டியில் முன்னதாகவே வந்துவிடும்.

எதிர்க்காற்றை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். 20 கி.மீ. எதிர்க்காற்றில் 80இல் போனால், காற்றைப் பொறுத்தவரை நான் நூறில் போகிறேன். கிலோமீட்டருக்கு ஆகும் வேலை நூறுக்குரியது, ஊர் போய்ச் சேர்வதோ எண்பதின் நேரத்தில். திரும்பும்போது பின்காற்று அதை ஈடுகட்டிவிடும் என்று நினைத்திருந்தேன். வர்க்கம் அப்படி விடுவதில்லை. நூறின் வர்க்கத்தையும் அறுபதின் வர்க்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 6800, எண்பதின் வர்க்கம் 6400. போய்வந்த கணக்கில் காற்றுத் தடை ஆறு சதவீதம் கூடுதலாக நிற்கிறது. என் ஓட்டங்களை விடியற்காலைக்கு மாற்றியது இதனால்தான்.

எண்கள் கைக்கு வந்தபின், அதே உருளவிடும் சோதனையில் உருவத்தை மாற்றிப் பார்த்தேன். 90லிருந்து 80க்கான மூன்று நொடிதான் அளவுகோல். முழங்கைகளை உள்ளே ஒடுக்கி, மார்பை டேங்கை நோக்கிச் சாய்த்தால் 3.3 நொடி. காற்றுத் தடையில் 11 சதவீதம் குறைவு, ஆனால் அந்த நிலையில் கழுத்து பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. முன்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மார்பில் காற்று அடிப்பது நின்றது, ஆனால் நேரத்தில் வந்த மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. சுகமும் குறைந்த தடையும் ஒன்றல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன். கண்ணாடியின் உயரத்தையும் சாய்வையும் பொறுத்து வேறு வண்டியில் வேறு விடை வரலாம்.

பயணத்தின்போது இருபக்கமும் தொங்கவிட்டிருந்த பைகளைக் காலியாகவே மாட்டி அளந்தேன். 2.8 நொடி. காற்றுத் தடை ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல். அந்தப் பைகள் என் கால்களுக்கு வெளியே, கலையாத காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு அதே பொருட்களை ஒரே பையில் அடைத்து, பின் இருக்கையில் என் முதுகை ஒட்டி, தோள் உயரத்துக்கு மேலே போகாமல் கட்டினேன். ஏற்கெனவே காற்று பிய்ந்து சுழலும் இடம் அது. ஐந்து முறை உருளவிட்டேன், கூடிய எடையையும் கணக்கில் கழித்தேன். பை இல்லாதபோது வந்த அதே மூன்று நொடிதான் வந்தது.